ஒரே பில், இரண்டு கணக்கு: சுன்னாகத்துக் கடையொன்றின் லொறியும் பெயின்றும்

சுன்னாகத்தில் காங்கேசன்துறை வீதியோரமாக வாடகைக் கடையொன்றில் மொத்த மரக்கறி வியாபாரம் செய்யும் ஒருவர், 2025ஆம் ஆண்டு மே மாதத்தில் தமது ஏடுகளைப் பையொன்றில் போட்டுக்கொண்டு என்னிடம் வந்தார். வியாபாரத்துக்கான வங்கி மேலதிகப்பற்றின் எல்லையைக் கூட்டித் தரும்படி அவர் கேட்டிருந்தார். வங்கி அவரிடம் 2025 மார்ச் 31இல் முடிந்த ஆண்டுக்கான கணக்குகளைக் கேட்டது. அவர் கொடுத்த தாளில் அந்த ஆண்டின் விளைவாக ரூபா 3,018,000 நட்டம் காட்டப்பட்டிருந்தது. நட்டத்தில் ஓடும் கடைக்கு எல்லையைக் கூட்ட முடியாது என்று வங்கியில் சொல்லிவிட்டார்கள். இருபது வருடமாக வியாபாரம் செய்பவர், அந்த ஆண்டும் வழக்கம்போல் நன்றாகவே விற்றவர், தம்முடைய கையாலேயே தமக்கு நட்டம் எழுதிக் கொடுத்திருந்தார்.

ஏட்டைப் புரட்டியதும் காரணம் தெரிந்தது. 2024 யூலையில் அவர் பழைய லொறியொன்றை வாங்கியிருந்தார். நல்லூர்க் கொடியேற்றத்துக்கு முன் கடைக்கும் உள்ளும் புறமும் பெயின்ற் அடித்திருந்தார். லொறிக்குப் போனதும் கடைக்குப் போனதும் காசுப் பெட்டியிலிருந்தும் வங்கியிலிருந்தும் போன காசுதான் என்பதால், இரண்டையும் ‘செலவு’ என்ற ஒரே நிரலில் எழுதி, ஆண்டு முடிவில் விற்பனை இலாபத்திலிருந்து முழுவதையும் கழித்திருந்தார்.

“தம்பி, காசு கையை விட்டுப் போட்டுது. போன காசு செலவுதானே? வேற என்னெண்டு எழுதுறது?” என்று அவர் கேட்டார்.

கேள்வி நியாயமானது. காசேடு ஒன்று மட்டுமே வைத்திருப்பவருக்கு அதற்கு மேல் எழுத இடமும் இல்லை. அவருடைய மகன் உயர்தரத்தில் வணிகம் படித்தவர். “லொறி சொத்து அப்பா, அதைச் செலவில போடக்கூடாது” என்று அவர் முன்பே சொல்லியிருக்கிறார். ஆனால் அவர் திருத்தி எழுதிய தாள் எதிர்ப்பக்கத்துக்குச் சாய்ந்திருந்தது. லொறி, அதன் காப்புறுதி, வருமான அனுமதிப்பத்திரம், கடைப் பெயின்ற் ஆகிய யாவற்றையும், பெரிய தொகைகள் என்ற ஒரே காரணத்துக்காக, ரூபா 5,368,000 என்று ஒரே சொத்தாக அவர் எழுதியிருந்தார். அந்தத் தாளில் ரூபா 2,350,000 இலாபம் வந்தது. ஆகவே ஒரே கடைக்கு, ஒரே ஆண்டுக்கு, ஒரே பற்றுச்சீட்டுகளிலிருந்து 3,018,000 நட்டமும் 2,350,000 இலாபமும் வந்திருந்தன. இரண்டு விடைகளுமே பிழையானவை.

சொற்களை முதலில் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. ஒரு கணக்காண்டுக்கு அப்பாலும் வியாபாரத்துக்குப் பயன் தரும் ஒன்றைப் பெறுவதற்கும், அதை வேலை செய்யும் நிலைக்குக் கொண்டுவருவதற்கும், பின்னர் அதன் ஆற்றலைக் கூட்டுவதற்கும் ஆகும் செலவு மூலதனச் செலவினம். இருக்கும் ஆற்றலை இருக்கும் அளவிலேயே வைத்திருப்பதற்கும் அன்றாட வியாபாரத்தை நடத்துவதற்கும் ஆகும் செலவு வருமானச் செலவினம். இந்த இரண்டாவது பெயர் தமிழில் கொஞ்சம் குழப்பம் தருவது. ‘வருமானம் தரும் செலவு’ என்று அதைப் பொருள்கொண்டு, லொறிதான் வருமானம் தருகிறது, பெயின்ற் என்ன வருமானம் தருகிறது என்று தலைகீழாக எழுதியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தந்த ஆண்டின் வருமானத்தோடு எதிர்வைத்துக் கழிக்கப்படும் செலவு என்பதே அந்தப் பெயரின் பொருள்.

இன்னொரு குழப்பமும் உண்டு. இலங்கையில் நாம் பேரேட்டின் இடப்பக்கத்தை வரவு என்றும் வலப்பக்கத்தை செலவு என்றும் சொல்கிறோம். ஆனால் செலவினங்கள் எழுதப்படுவது வரவுப் பக்கத்தில். லொறி வாங்கினால் மோட்டார் வாகனக் கணக்கு வரவு, வங்கிக் கணக்கு செலவு. கடைக்குப் பெயின்ற் அடித்தால் பழுதுபார்ப்புக் கணக்கு வரவு, வங்கிக் கணக்கு செலவு. எழுதும் நாளில் இரண்டு பதிவுகளும் இரட்டைப் பிள்ளைகள்போல இருக்கும். பரீட்சை மீதியிலும் இரண்டும் ஒரே பக்கத்தில்தான் நிற்கும். பரீட்சை மீதி சரியாகச் சமப்பட்டுவிட்டது, ஆகவே கணக்கு சரி என்று நினைப்பவருக்கு இந்தப் பிழை ஒருபோதும் அகப்படாது. லொறியைப் பழுதுபார்ப்பில் எழுதினாலும் பெயின்றை மோட்டார் வாகனத்தில் எழுதினாலும் அது சமப்படவே செய்யும்.

வேறுபாடு மார்ச் 31 மாலையில் வெளிப்படுகிறது. அன்று பழுதுபார்ப்புக் கணக்கை மூடி, அதன் முழுத் தொகையையும் இலாப நட்டக் கணக்குக்கு மாற்றுகிறோம். ஏப்ரல் 1 காலையில் அந்தக் கணக்கு வெறுமையாகத் தொடங்குகிறது. மோட்டார் வாகனக் கணக்கை நாம் மூடுவதில்லை. அதன் மீதியைக் கீழே இறக்கி அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோகிறோம், நிதிநிலைமைக் கூற்றில் சொத்தாகக் காட்டுகிறோம், ஓடித் தேய்ந்த பங்கை மட்டும் பெறுமானத் தேய்வாக அந்த ஆண்டின் செலவில் சேர்க்கிறோம். முதலாளியின் கேள்விக்கான பதில் இதுதான். போன காசு இரண்டும் போனதுதான். ஆனால் அடுத்த ஏப்ரலுக்குக் கையில் என்ன மிஞ்சியிருக்கிறது என்பதில்தான் இரண்டும் வேறுபடுகின்றன.

இனி லொறியின் கிரயத்தைப் பார்ப்போம். இலங்கைக் கணக்கீட்டு நியமம் 16, ஆதனம், பொறி, உபகரணம் பற்றியது. ஒரு சொத்தைக் குறித்த இடத்துக்கும், கருதிய விதத்தில் வேலை செய்யத்தக்க நிலைக்கும் கொண்டுவருவதற்கு நேரடியாக ஆன செலவுகள் எல்லாம் அதன் கிரயத்தில் சேரும் என்று அது சொல்கிறது. ஆகவே விற்றவருக்குக் கொடுத்த விலை தொடக்கம் மட்டுமே. விலை ரூபா 4,200,000. தரகும் உரிமை மாற்றப் பதிவும் 70,000. லொறி குருநாகலில் கிடைத்தது. அதைச் சுன்னாகத்துக்கு ஓட்டிவந்த டீசலும் சாரதியின் கூலியும் 40,000. பின்பெட்டியின் அடிப்பலகை உக்கியிருந்ததால், மரக்கறிப் பெட்டிகள் ஏற்ற முடியாதென்று புதிய பொடி கட்டினார்கள், அதற்கு 480,000. கடைசியாகப் பெயின்ற் அடித்து இரு பக்கமும் கடையின் பெயர் எழுதியதற்கு 150,000. மொத்தம் ரூபா 4,940,000. 2024 ஓகஸ்ட் 1ஆம் திகதி லொறி தம்புள்ளைக்கு முதற்பயணம் போகத் தயாராக நின்றது.

பொடி கட்டிய தொகையை முதலாளி ‘லொறி பழுதுபார்ப்பு’ என்றே எழுதி வைத்திருந்தார். உக்கியதை மாற்றுவது பழுதுபார்ப்புத்தானே என்பது அவருடைய எண்ணம். அவரே இரண்டு வருடம் ஓட்டி, அந்த ஓட்டத்தில் உக்கியிருந்தால் கேள்வியே வேறு. இது வேறொருவர் ஓட்டி உக்க வைத்த பொடி. உக்கியது என்று தெரிந்தே, அதற்கேற்ப விலையைக் குறைத்துப் பேசித்தான் இவர் வாங்கினார். நல்ல பொடியோடு வாங்கியிருந்தால் விலை அவ்வளவுக்குக் கூடியிருக்கும். அப்போது அந்தத் தொகை கிரயத்துக்குள் போயிருக்கும். வாங்கிய நிலையிலிருந்து ஓடக்கூடிய நிலைக்குக் கொண்டுவந்த செலவு, விலையின் பாக்கிதான்.

காப்புறுதியும் வருமான அனுமதிப்பத்திரமும் சேர்ந்து 108,000. இவை இல்லாமல் லொறியைத் தெருவில் இறக்க முடியாது என்பது உண்மை. அதனால்தான் மகன் அவற்றையும் கிரயத்தில் சேர்த்தார். ஆனால் இவை லொறியை அந்த நிலைக்குக் கொண்டுவரவில்லை. ஒரு வருடத்துக்கு ஓட்டும் உரிமையையும் பாதுகாப்பையும் தருகின்றன. வருடம் முடிந்தால் பயனும் முடிகிறது, திரும்பவும் கட்ட வேண்டும். உரிமை மாற்றப் பதிவு ஒருமுறை நடப்பது, அனுமதிப்பத்திரம் ஆண்டுதோறும் எடுப்பது. இரண்டும் அரசாங்கக் கட்டணங்கள்தான், ஆனாலும் ஒன்று கிரயத்துக்கும் மற்றது செலவுக்கும் போகின்றன. ஓகஸ்டிலிருந்து அடுத்த யூலை வரைக்கும் கட்டியதால், மார்ச் வரையான 8 மாதங்களுக்குரிய 72,000 இந்த ஆண்டின் செலவு, எஞ்சிய 36,000 முற்கொடுப்பனவு. ‘வருமான அனுமதிப்பத்திரம்’ என்ற பெயரில் வருமானம் இருப்பதால் அது வருமானச் செலவினம் என்று சொன்ன மாணவர் ஒருவர் இருந்தார். விடை சரிதான், காரணம் பிழை. அந்தப் பெயரில் உள்ள வருமானம் அரசாங்கத்தின் வருமானம்.

இந்த ஏடுகளில் எனக்கு மிகவும் பிடித்த பற்றுச்சீட்டு பெயின்ரருடையது. ஊரில் தெரிந்தவர். கடையையும் லொறியையும் ஒரே பத்து நாளில் முடித்துக் கொடுத்திருக்கிறார். கொப்பித் தாளொன்றில் ஒரே வரியில் எழுதியிருந்தார்: “கடை உள் வெளி பெயின்ற், லொறி பெயின்ற், பேர் எழுதினது, மொத்தம் 470,000.” பெயின்ரர் ஒருவர், காலம் ஒன்று, காசோலையும் ஒன்று. அந்த ஒரு வரியை இரண்டாகப் பிரிக்காமல் கணக்கை முடிக்க முடியாது.

தொகையைப் பாதிப் பாதியாகப் பிரிப்பது இலகு. ஆனால் அதற்கு ஆதாரம் இல்லை. பெயின்ரரை அழைத்துக் கேட்டேன். பொருட்களில் அவருக்கே குழப்பம் இல்லை. சுவருக்கு வாங்கிய வாளிகளை லொறியில் அடிக்க முடியாது, லொறிக்கு வாங்கிய பெயின்றையும் தின்னரையும் சுவரில் அடிக்க மாட்டார்கள். கடைச் சிட்டைகளின்படி சுவருக்கான பொருட்கள் 190,000, லொறிக்கானவை 80,000. மிச்சம் 200,000 கூலி. நான்கு பேர் பத்து நாள் வேலை செய்திருக்கிறார்கள். 40 ஆள்நாள், நாளொன்றுக்கு 5,000. லொறியில் இருவர் ஏழு நாள் நின்றதாக அவர் நினைவுகூர்ந்தார், முதலாளியும் அதை ஒத்துக்கொண்டார். ஆகவே லொறிக்கு 14 ஆள்நாள், 70,000; கடைக்கு 26 ஆள்நாள், 130,000. லொறியின் பங்கு 150,000, கடையின் பங்கு 320,000. இந்தக் கணிப்பை ஒரு தாளில் எழுதி, அவரிடம் கையொப்பம் வாங்கி, பற்றுச்சீட்டோடு இணைத்து வைத்தேன். பின்னாளில் யாரும் கேட்டால் காட்டுவதற்கு அது வேண்டும்.

இப்போது இயல்பாக எழும் கேள்வி, லொறிப் பெயின்ற் ஏன் சொத்து, கடைப் பெயின்ற் ஏன் செலவு என்பது. இரண்டுமே சில வருடங்களுக்கு நிற்கும். கடைப் பெயின்ற் மூன்று நான்கு வருடமாவது நிற்கும் என்று முதலாளி சொன்னார். ‘ஒரு வருடத்துக்கு மேல் நிற்குமா’ என்ற சோதனையை மட்டும் பிடித்துக்கொண்டால், கடைப் பெயின்றும் சொத்தாகிவிடும். மகன் அப்படித்தான் வழுக்கினார்.

கடை ஏற்கெனவே கடையாக ஓடிக்கொண்டிருந்தது. பெயின்ற் அடிப்பதற்கு முதல் நாளும் அங்கே வெங்காயம் விற்றது, அடித்த பின்னும் அதே இடத்தில் அதே வெங்காயம் விற்றது. இடம் ஒரு சதுர அடி கூடவில்லை. மழையிலும் புழுதியிலும் மங்கிய சுவர் பழைய தோற்றத்துக்குத் திரும்பியது, அவ்வளவுதான். நியமம் 16 இத்தகைய அன்றாடப் பராமரிப்பைச் சொத்தின் தொகையில் சேர்க்க வேண்டாம் என்றும், ஆன ஆண்டிலேயே செலவாகக் காட்டு என்றும் சொல்கிறது. மூன்று வருடம் நிற்கும் பெயின்ற் மூன்று வருடத் தேய்வைத்தான் ஈடுசெய்கிறது. புதிதாக எதையும் பெற்றுத் தரவில்லை. லொறியில் அடித்த பெயின்ற் அப்படியல்ல. அது, இன்னும் ஒருநாள்கூட இந்த வியாபாரத்துக்காக ஓடாத ஒன்றை ஓடத் தயாராக்கிய கடைசி வேலை. பெயின்ற் என்ற பொருளில் விடை இல்லை. அடிக்கும் நேரத்தில் சொத்து எந்த நிலையில் இருந்தது என்பதில்தான் விடை இருக்கிறது.

இதைத் திருப்பிப் பார்த்தாலும் உண்மை. போர்க்காலத்தில் கூரை பறந்து சுவர் மட்டும் நின்ற கட்டடமொன்றை யாழ்ப்பாணத்தில் வாங்கி, கூரை போட்டு, கதவு வைத்து, பூச்சுப் பூசி, பெயின்ற் அடித்து, அதன்பின் கடை திறந்த ஒருவரின் ஏடுகளையும் நான் முடித்திருக்கிறேன். அங்கே பெயின்ற் முழுவதும் கட்டடத்தின் கிரயத்திலேயே சேர்ந்தது. கடைக்குப் பெயின்ற் என்றால் எப்போதும் வருமானச் செலவினம் என்று மனப்பாடம் செய்தவர் அந்த ஏட்டில் பிழை விடுவார்.

சுன்னாகத்துக் கடை வாடகைக் கடை என்பது இந்த விடையை மாற்றவில்லை. சொந்தக் கடையென்றாலும் பெயின்ற் செலவுதான். குத்தகைக் காலம் நீண்டதாக இருந்து, அவர் நிலத்துக்கு மாபிள் பதித்தோ மாடி எழுப்பியோ இருந்தால் அது வேறு கதை.

பெறுமானத் தேய்வுக்கு வருவோம். வாகனத் திருத்துநர் ஒருவரிடம் லொறியைக் காட்டி, தம்புள்ளை ஓட்டத்துக்கு இன்னும் 8 வருடம் தாங்கும் என்றும், பிறகு விற்றால் இன்றைய நிலைமையில் ஏறத்தாழ 1,340,000 பெறலாம் என்றும் மதிப்பிட்டோம். கிரயம் 4,940,000இலிருந்து இந்த எச்சப் பெறுமதியைக் கழித்தால் 3,600,000. நேர்கோட்டு முறையில் வருடத்துக்கு 450,000. இந்த ஆண்டில் பயன்பாட்டுக்குத் தயாராக இருந்தது ஓகஸ்டிலிருந்து மார்ச் வரை 8 மாதம், ஆகவே 300,000. வாங்கிய யூலையிலிருந்து கணக்கிடக் கூடாது. அப்போது லொறி பொடி கட்டும் பட்டறையில் நின்றது.

இங்கே முதலாளி ஒரு தடையைக் கிளப்பினார். 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதிலிருந்து பழைய லொறிகளின் விலை ஏறிக்கொண்டே போனதை இங்கே எல்லோரும் கண்டார்கள். “வாங்கின விலையை விடக் கூடக் கேக்கினம், பிறகென்ன தேய்வு?” என்றார். சந்தை விலை ஏறியதனால் பெறுமானத் தேய்வு நின்றுவிடுவதில்லை. தேய்வு என்பது விலை இறங்கிய அளவு அல்ல. எட்டு வருடத்தில் உறிஞ்சப்படும் பயனை அந்தந்த வருடத்துக்குப் பங்கிடுவது. ஆனால் அவருடைய பேச்சில் ஒரு நியாயமும் இருந்தது. எட்டு வருடத்துக்குப் பின் பெறக்கூடியது என்று நாம் வைத்த எச்சப் பெறுமதியை ஆண்டுதோறும் மீள்பார்க்க வேண்டும். அது, கிரயத்தில் தேய்வு போக மிஞ்சிய ஏட்டுப் பெறுமதிக்குச் சமமாகவோ மேலாகவோ உயர்ந்தால் அப்போது தேய்வு பூச்சியமாகும். 1,340,000 அந்த உயரத்துக்கு அருகிலும் இல்லை.

இவ்வளவையும் கூட்டிப் பார்த்தோம். இந்த மூன்று விடயங்களுக்கு முந்திய இலாபம் 2,350,000. அதிலிருந்து லொறியின் தேய்வு 300,000, காப்புறுதியும் அனுமதிப்பத்திரமும் 72,000, கடைப் பெயின்ற் 320,000. தேறிய இலாபம் ரூபா 1,658,000. முதலாளியின் நட்டத்துக்கும் இதற்கும் இடையில் 46 இலட்சத்துக்கு மேல் வேறுபாடு. மகனின் இலாபம் 692,000 கூடுதலாக இருந்தது. அது அந்த மூன்று தொகைகளின் கூட்டுத்தொகைதான். வங்கிக்குப் போன திருத்திய தாளில் லொறி 4,640,000 என்ற ஏட்டுப் பெறுமதியோடு சொத்துப் பக்கத்தில் நின்றது. எல்லையைக் கூட்டும் விண்ணப்பத்தை வங்கி மீண்டும் பரிசீலனைக்கு எடுத்துக்கொண்டது.

மகனுடைய பிழை தந்தையின் பிழையைவிடச் சிறியதாகத் தோன்றும். அதன் விளைவு பின்னால் வருவது. கடைப் பெயின்றை ஐந்து வருடச் சொத்தாக எழுதினால் வருடத்துக்கு 64,000 தேய்வு. நான்காம் வருடத்தில் சுவர் மங்கி மீண்டும் அடிப்பார்கள். அப்போது பழைய பெயின்றின் மிச்சப் பெறுமதி ஏட்டில் இன்னும் இருக்கும், அதன் மேல் புதிய பெயின்றும் சொத்தாக ஏறும். சுவரில் சுரண்டி எறிந்துவிட்ட ஒன்று நிதிநிலைமைக் கூற்றில் உயிரோடு இருக்கும். தந்தையின் பிழைக்கும் அடுத்தடுத்த வருடங்களில் வால் உண்டு. முதல் வருடம் பெரிய நட்டம், அடுத்த ஏழு வருடமும் லொறி இலவசமாக ஓடியதுபோல 450,000 கூடுதலான இலாபம். ஏட்டை மட்டும் பார்ப்பவர், 2025/26இல் வியாபாரம் திடீரென்று செழித்துவிட்டதாக நினைப்பார்.

வரி பற்றிய பயமும் முதலாளிக்கு இருந்தது. செலவாக எழுதாவிட்டால் வரியில் கழிக்க விடமாட்டார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டத்தில் பொருள் ஏற்றும் வாகனங்களுக்கு 5 வருடங்களில் சம பங்குகளாக மூலதனக் கொடுப்பனவு உண்டு. கணக்கேட்டுத் தேய்வு 300,000ஐத் திரும்பக் கூட்டி, 4,940,000இன் ஐந்திலொன்றான 988,000ஐக் கழிக்க வேண்டும். கடைப் பெயின்ற் ஏற்கெனவே கழிக்கப்பட்டுவிட்டது. 1,658,000 இப்படி 970,000 ஆகிறது. அவருக்கு வேறு வருமானம் இல்லை. 2024/25இல் தனிநபர் நிவாரணம் 1,200,000, ஆகவே அந்த ஆண்டுக்கு வரியே வரவில்லை. கணக்கேட்டில் எட்டு வருடமும் வரிக் கணிப்பில் ஐந்து வருடமும் இருப்பது முரண்பாடல்ல. இரண்டு தாள்களும் இரண்டு தேவைக்கானவை.

இத்தகைய பிழையைக் கண்டுபிடிக்க நான் செய்வது பெரிய வித்தை ஒன்றுமில்லை. பழுதுபார்ப்புக் கணக்கை மாதம் மாதமாகப் பிரித்துப் பார்ப்பேன். பதினொரு மாதம் பத்தாயிரம், பதினைந்தாயிரம் என்று போகும் கணக்கில் ஒரு மாதம் மட்டும் இலட்சக்கணக்கில் குதித்தால், அந்த மாதத்தின் பற்றுச்சீட்டைக் கையில் எடுப்பேன். எதிர்த்திசையில், சொத்து என்று எழுதிய ஒவ்வொன்றையும் “எங்கே காட்டுங்கள்” என்று கேட்பேன். லொறியைக் காட்ட முடியும். மகனுடைய சொத்தில் இருந்த காப்புறுதியைக் காட்டுவதற்கு ஒரு கடதாசி மட்டுமே இருந்தது. இந்தக் கேள்வி எல்லா இடத்திலும் போதாது. பெயின்றையும் சுவரில் காட்ட முடியும். அங்கே, இது அடிப்பதற்கு முதல் நாள் எப்படி இருந்தது என்ற கேள்வியைக் கேட்கிறேன்.

தொகையின் அளவை நான் ஒரேயொரு இடத்தில்தான் பார்க்கிறேன். கடையில் உள்ள சிறிய தராசு 4,500 ரூபா. பத்து வருடம் உழைக்கும். விதிப்படி அது சொத்து. அதைப் பத்து வருடம் வைத்துத் தேய்வு போடும் வேலை அதன் விலையை விடப் பெரியது என்பதால் நேரே செலவில் எழுதினேன். பெரியது என்பதற்காக ஒரு செலவு சொத்தாகிவிடாது. சிறியது என்பதற்காகச் சொத்தைச் செலவாக எழுதலாம், அதுவும் கணக்கின் தோற்றத்தை மாற்றாத அளவுக்குள்.

2025இன் கடைசியில் லொறி கொடிகாமத்தருகே வேறொரு வாகனத்தோடு உரசி, ஒரு பக்கம் கடையின் பெயரோடு சேர்த்து உரிந்துபோனது. கடையிலும் மழை ஒழுக்கினால் ஒரு சுவர் ஊறிவிட்டது. அதே பெயின்ரர்தான் வந்தார். வேலை முடிந்ததும், போன முறை நான் பட்டபாட்டை நினைத்தோ என்னவோ, எனக்குத் தொலைபேசி எடுத்தார்.

“ஐயா, இந்த முறை பில்லை ரெண்டாப் பிரிச்சு எழுதட்டோ?”

லொறி இப்போது இந்த வியாபாரத்தில் ஒரு வருடத்துக்கு மேல் ஓடிய லொறி. உரிந்த பக்கத்தை மீண்டும் பழைய நிலைக்குக் கொண்டுவந்ததும் ஊறிய சுவரைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்ததும் ஒரே இனம். வாகனப் பராமரிப்பு, கடைப் பழுதுபார்ப்பு என்று பேரேட்டில் இரண்டு தலைப்பில் எழுதுவதற்குத் தொகைகள் தனித்தனியே தெரிந்தால் போதும். மார்ச் 31இல் இரண்டும் ஒரே இடத்துக்குத்தான் போகப்போகின்றன.

“ஒரு பில் காணும். ரெண்டு வரியா மட்டும் எழுதுங்கோ” என்றேன்.